ஸ்விட்ச் ரூமுக்கு கேஸ் போடுமுன்: எத்தனை கிலோ, எத்தனை சதவீதம், காற்று எந்த வழி

தீயை அணைக்கும் கேஸ் சிஸ்டம் பொருத்தும் எங்கள் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் எல்லாரும் முதலில் கேட்பது, “அண்ணே, இந்த ரூமுக்கு எத்தனை கிலோ கேஸ் வேண்டும்?” என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பத்து வினாடிக்குள் அவ்வளவு கேஸும் உள்ளே பாய்கிறபோது அங்கிருக்கும் காற்று என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. அந்த இரண்டாவது கேள்வியை விட்டதால் சுவர் விரிந்த ரூமையும், சீலிங் கொட்டிக் கிடந்த ரூமையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்து, கணக்கோடு இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயா. இங்குள்ள பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஊரைச் சுற்றிச் செம்பனை, செம்பனைக்கு நடுவே எண்ணெய் ஆலைகள். ஒவ்வோர் ஆலையிலும் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை உண்டு. டர்பைனிலிருந்தும் ஜென்செட்டிலிருந்தும் வரும் மின்சாரம் அங்கே வந்துதான் பிரிகிறது. அந்த மெயின் ஸ்விட்ச் ரூம் எரிந்தால் பழம் வேகாது, ஆலை நிற்கும். அப்படி ஓர் அறையையே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம்: 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3.2 மீட்டர் உயரம். மூன்று பக்கம் செங்கல் சுவர், கண்ட்ரோல் ரூம் பக்கம் மட்டும் ஜிப்சம் போர்டு தடுப்பு. பேனல்களுக்கு அடியில் கேபிள் ஓடும் பள்ளம்.

முதலில் டேப்பை எடுங்கள்

பிளானில் உள்ள அளவை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. போய் அளக்க வேண்டும். மேலே சொன்ன அறை 8 × 5 × 3.2, அதாவது 128 கன மீட்டர். என்னோடு வந்த தம்பி அதை எழுதிக்கொண்டு கிளம்பப் பார்த்தான். பேனலுக்கு முன்னால் இருந்த செக்கர் பிளேட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். கீழே 7 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 80 சென்டிமீட்டர் ஆழத்தில் பள்ளம். அது 3.4 கன மீட்டர். பிளேட்டின் ஓட்டைகள் வழியாக அறையும் பள்ளமும் ஒன்றாகவே மூச்சு விடுகின்றன. ஆகவே அதையும் சேர்த்து 131.4 என்று எடுக்க வேண்டும்.

பேனல்கள் இடத்தை அடைத்துக்கொள்கின்றனவே, அதைக் கழிக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. பேனலுக்குள் காற்று இருக்கிறது, நெருப்பு பிடிப்பதும் அதற்குள்தான். கான்கிரீட் தூண் போல உள்ளே காற்றே புக முடியாத பொருளை மட்டுமே கழிக்கலாம்.

எந்த கேஸ், எத்தனை சதவீதம்

இந்தப் பக்கம் பழைய ரூம்களில் பெரும்பாலும் இருப்பது எச்.எஃப்.சி-227இஏ. புதிதாகப் போடுவதற்கு நான் எஃப்.கே-5-1-12 பக்கம் சாய்கிறேன். எச்.எஃப்.சி வகைகள் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கு 2016-ஆம் ஆண்டு செய்த கிகாலி திருத்தத்தின்படி படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன, நாளைக்கு ரீஃபில் கிடைப்பது கஷ்டம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கணக்கிலேயே தெரியும், பின்னால் வருகிறேன்.

டிசைன் செறிவு என்பது அறைக் காற்றில் கேஸ் எத்தனை சதவீதம் நிற்க வேண்டும் என்ற எண். ஐ.எஸ்.ஓ. 14520 தரநிலையில் எஃப்.கே-5-1-12-க்கு மூன்று எண்கள் உண்டு. மரம், காகிதம், பிளாஸ்டிக் போன்ற சாதாரணத் திடப்பொருளின் மேற்பரப்புத் தீக்கு 5.3. அதே திடப்பொருள், ஆனால் ஆபத்து கூடிய நிலை என்றால் 5.6. எண்ணெய் வகை எரிபொருள் இருந்தால் 5.9.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். “எலெக்ட்ரிக்கல் ரூம், கேபிள் பிளாஸ்டிக்தானே” என்று 5.3 போட்டுவிடுகிறார்கள். கேபிள் கட்டு 100 மில்லிமீட்டரைவிடத் தடிமனாக இருந்தாலோ, கேபிள் ட்ரேயின் குறுக்கு வெட்டில் 20 சதவீதத்துக்கு மேல் கேபிள் நிரம்பியிருந்தாலோ, ட்ரேக்கள் ஒன்றுக்கொன்று 250 மில்லிமீட்டருக்குள் நெருங்கியிருந்தாலோ, கேஸ் அடிக்கும் நேரத்திலும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் கருவிகள் மொத்தம் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுத்தாலோ, அது கூடிய ஆபத்து நிலை. நாலில் ஒன்று போதும். ஆலையின் மெயின் ஸ்விட்ச் ரூமில் நாலும் இருக்கும். மின்சாரம் ஓடும் வயர் சூடாக்கிக்கொண்டே இருப்பதால் அணைந்த தீ மறுபடி பற்றும், அதனால்தான் கூடுதல் செறிவு. முடிந்த இடத்தில் கேஸ் அடிக்குமுன் மின்சாரத்தைத் துண்டிக்கவே வேண்டும். ஆனால் பாய்லர் ஓடும்போது முழு ஆலையையும் சட்டென்று இருட்டாக்க மின்சாரத்துக்குப் பொறுப்பான எந்த சார்ஜ்மேனும் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆகவே நம் அறைக்கு 5.6. உள்ளேயே டீசல் டேங்கோ எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மரோ இருந்தால் 5.9. நீங்கள் வாங்கும் சிலிண்டர் தயாரிப்பாளரின் சான்றிதழில் இதைவிடப் பெரிய எண் இருந்தால், அந்தப் பெரிய எண்ணையே எடுங்கள்.

கிலோ கணக்கு

சூத்திரம் இவ்வளவுதான்:

```
s = 0.0664 + 0.0002741 × T
m = (V / s) × C / (100 − C)
```

V அறையின் கொள்ளளவு கன மீட்டரில், C டிசைன் செறிவு சதவீதத்தில், T வெப்பநிலை செல்சியஸில், s ஒரு கிலோ கேஸ் ஆவியாகி எத்தனை கன மீட்டர் ஆகும் என்பது, m வேண்டிய கிலோ. T-க்கு, அந்த அறை எவ்வளவு குளிர்ந்து போகலாமோ அந்தக் குறைந்த வெப்பநிலையைப் போட வேண்டும். கேஸ் குளிரில் சுருங்கும், அதனால் குளிருக்குத்தான் கிலோ அதிகம் வேண்டும். நம் அறையில் ஏர்கான் 22-இல் ஓடுகிறது, நான் 20 எடுத்தேன்.

```
s = 0.0664 + 0.0002741 × 20 = 0.07188
m = (131.4 / 0.07188) × 5.6 / 94.4 = 108.4
```

108.4 கிலோ. பள்ளத்தை மறந்து 128-க்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தால் 105.6 கிலோ வந்திருக்கும். அந்த 105.6 கிலோ 131.4 கன மீட்டரில் பரவினால் செறிவு 5.46 சதவீதம்தான் நிற்கும். மூன்று கிலோவுக்கும் குறைவான வித்தியாசம், ஆனால் டிசைன் கீழே இறங்கிவிட்டது. தம்பிக்கு இதைப் போட்டுக் காட்டியபின் அவன் எந்த ரூமுக்குப் போனாலும் தரையைத்தான் முதலில் பார்க்கிறான்.

இதோடு நிறுத்தாதீர்கள். குளிருக்குப் போட்ட கிலோ, வெயிலில் எத்தனை சதவீதம் ஆகும் என்றும் பார்க்க வேண்டும். ஏர்கான் பழுதாகி அறை 35 டிகிரிக்குப் போனால் s 0.07599 ஆகும், அதே 108.4 கிலோ 5.9 சதவீதமாக நிற்கும். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் கெடுதல் தென்படாத உச்ச அளவு இந்த கேஸுக்கு 10 சதவீதம். நிறைய இடைவெளி இருக்கிறது.

இதே அறைக்கு எச்.எஃப்.சி-227இஏ போட்டுப் பாருங்கள். கூடிய ஆபத்துக்கு அதன் செறிவு 8.5, கணக்கு 89 கிலோ வரும். 35 டிகிரியில் அது 8.94 சதவீதம். அதன் உச்ச அளவோ 9. சிலிண்டரில் ரவுண்டாக 92 கிலோ நிரப்பினால் 9.2 ஆகித் தாண்டிவிடும். தாண்டினால் உடனே ஆபத்து என்று அர்த்தமில்லை. 10.5 வரைக்கும் அதிகபட்சம் ஐந்து நிமிடம் என்று தரநிலையில் வரம்பு இருக்கிறது. ஆனாலும் ஆள் நடமாடும் ஸ்விட்ச் ரூமில் அவ்வளவு ஓரத்தில் நிற்க எனக்கு மனம் வராது. நான் முன்பு சொன்ன இன்னொரு காரணம் இதுதான். இதிலிருந்து ஒரு பழக்கமும் வர வேண்டும்: “இரண்டு கிலோ கூடப் போட்டால் நல்லதுதானே” என்று யாரும் சொல்லக் கூடாது.

எஃப்.கே-5-1-12 வாங்குபவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். அது 49 டிகிரியில்தான் கொதிக்கும், அதாவது சிலிண்டருக்குள் தண்ணீர் போன்ற திரவம். நைட்ரஜன் அழுத்தம்தான் அதைத் தள்ளுகிறது, நாசில் அதைத் தூவானமாக உடைத்த பிறகுதான் ஆவியாகிறது. நாசிலுக்கு எதிரே கையெட்டும் தூரத்தில் கேபிள் ட்ரே இருந்தால் தூவானம் அதில் மோதி ஈரமாக வழியும், செறிவு ஏறாது. நாசிலைப் பொருத்திய பிறகு எலெக்ட்ரீஷியன் வந்து புது ட்ரே ஓட்டிவிட்டுப் போவது இங்கே அடிக்கடி நடப்பது. ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு நாசிலுக்கும் அடியில் நின்று மேலே பாருங்கள்.

காற்று என்ன ஆகும்

வேறொரு மாநிலத்தில், நான் போடாத ஒரு சிஸ்டம். தவறுதலாக கேஸ் அடித்துவிட்டது, பார்க்கக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது தரை முழுக்க சீலிங் பலகைத் துண்டுகள். பேனல் மேல், கீபோர்டு மேல், நாற்காலி மேல் எல்லாம் வெள்ளைத் துகள். “கேஸ் வேகத்தில் பறந்துவிட்டது” என்று அங்கிருந்தவர் சொன்னார். நான் மேலே பார்த்தேன். பலகைகள் மேல்நோக்கி எகிறவில்லை, உடைந்து கீழே விழுந்திருந்தன. அறை வெளியே தள்ளியிருந்தால் அவை மேலே போயிருக்கும். இங்கே அறை உள்ளே உறிஞ்சியிருக்கிறது.

சுவரில் அழுத்தத்தைத் தணிக்கும் வென்ட் இருந்தது. கையால் தள்ளிப் பார்த்தேன். வெளியே மட்டும் திறந்தது.

அதுதான் விஷயம். திரவமாக இருந்து ஆவியாகும் கேஸ், ஆவியாவதற்கு வேண்டிய சூட்டை அறைக் காற்றிலிருந்து பிடுங்குகிறது. நம் அறையில் 108.4 கிலோ ஆவியானால் 7.8 கன மீட்டர் கூடும், அது அறையை வெளியே தள்ளும். அதே நேரம் காற்று 20-இலிருந்து பத்து டிகிரி குளிர்ந்தால் அறைக் காற்று கிட்டத்தட்ட நாலரை கன மீட்டர் சுருங்கும். முதல் ஓரிரு வினாடியில் குளிர்ச்சி முந்திக்கொள்ளும், அறை உறிஞ்சும். அதன்பின் ஆவியும் சுவரிலிருந்து வரும் சூடும் சேர்ந்து அறை தள்ளும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், குளிர்ந்ததும் அது பனிமூட்டமாகத் தெரியும். அந்த ஈரமும் அழுத்தக் கணக்கை மாற்றும். அதனால் டிசைன் செய்பவரிடம் ஈரப்பதத்தைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

ஆக, இந்த வகை கேஸுக்கு வென்ட் இரண்டு பக்கமும் வேலை செய்ய வேண்டும். நைட்ரஜன், ஆர்கான் போன்ற மந்த வாயு சிஸ்டத்தில் முக்கியமாகத் தள்ளல்தான், அங்கே வெளியே திறக்கும் வென்ட் போதும். அங்கே பழகியவர்கள் அதே வென்ட்டை இங்கேயும் வாங்கி மாட்டுவதால்தான் சீலிங் கொட்டுகிறது.

வென்ட் எவ்வளவு பெரிது

முதலில் சுவர் எவ்வளவு தாங்கும் என்பதைக் கட்டட எஞ்சினியரிடம் எழுத்தில் வாங்குங்கள். நம் அறையில் பலவீனமானது ஜிப்சம் தடுப்பு. எஞ்சினியர் கொடுத்த வரம்பு 250 பாஸ்கல். கேட்கச் சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் அந்தத் தடுப்பு 5 மீட்டருக்கு 3.2 மீட்டர், 16 சதுர மீட்டர். 250 பாஸ்கல் அதன்மேல் நாலாயிரம் நியூட்டன், நானூறு கிலோ சாய்ந்து நிற்பதற்குச் சமம்.

அடுத்து, தயாரிப்பாளரின் கணக்கு மென்பொருளில் அறையின் அளவு, கேஸ், செறிவு, ஈரப்பதம், 250 பாஸ்கல் வரம்பு எல்லாவற்றையும் போட்டால் இரண்டு எண் வரும்: காற்று உள்ளே வர எவ்வளவு திறப்பு, வெளியே போக எவ்வளவு திறப்பு. நம் அறைக்கு உள்ளே வர 0.11 சதுர மீட்டர், வெளியே போக 0.07. ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எண் இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

மென்பொருள் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். 250 பாஸ்கலில் ஒரு திறப்பு வழியாகக் காற்று வினாடிக்கு ஏறக்குறைய 12.5 மீட்டர் வேகத்தில் போகும், ஓட்டை விளிம்பில் வரும் இழப்பையும் சேர்த்து. வெளியே போகும் 0.07 சதுர மீட்டரில் அது வினாடிக்கு 0.9 கன மீட்டர். 7.8 கன மீட்டர் ஆவி பத்து வினாடியில் வருகிறது என்றால் சராசரி 0.8. பொருந்துகிறது. ரிப்போர்ட்டில் 0.01 என்று வந்திருந்தால் எங்கோ புள்ளி தவறியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இனி கடைக்காரர் தரும் வென்ட். அவர் பட்டியலில் 0.11 என்று போட்டிருப்பார். மூன்று கேள்வி கேளுங்கள். அது வெளிச் சட்டத்தின் அளவா, காற்று உண்மையில் போகும் அளவா? தகடுகளும் வலையும் பாதியை மறைத்தால், 0.11 திறப்புக்குச் சட்டம் 0.22 வேண்டும். இரண்டாவது, அதன் இதழ்களில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் திறக்கிறதா? அப்படியென்றால் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது 0.055 மட்டுமே. மூன்றாவது, எத்தனை பாஸ்கலில் திறக்க ஆரம்பிக்கும்? அது 250-க்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும்.

திறப்பு பாதியானால் அழுத்தம் இரண்டு மடங்காகாது, நாலு மடங்காகும். அதே காற்று பாதி வழியில் போக இரட்டை வேகம் வேண்டும், அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 250 அங்கே 1000 ஆகிவிடும், ஜிப்சம் தடுப்பின்மேல் 1600 கிலோ. அளவில் சின்ன ஏமாற்றம், சுவரில் பெரிய விரிசல்.

வென்ட்டைச் சுவரின் உச்சியில் வையுங்கள். கேஸ் கலந்த காற்று கனமானது, கீழே தங்கும். மேலே இருக்கும் சாதாரணக் காற்றுதான் வெளியேற வேண்டும். வழி நேரே வெளியே போக வேண்டும். கண்ட்ரோல் ரூமுக்குள் திறந்துவிட்டால் அடுத்து அந்த அறைக்கும் வென்ட் தேட வேண்டியிருக்கும். தீ தாங்கும் சுவரில் வைத்தால் வென்ட்டும் அதே அளவு தீ தாங்கும் சான்றிதழோடு இருக்க வேண்டும், தீயணைப்புத் துறையான போம்பாவின் ஆய்வில் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

பத்து நிமிடம் நிற்குமா

வென்ட் திறக்க வேண்டும், ஆனால் அழுத்தம் தணிந்ததும் தன் எடையில் மூடிக்கொள்ளவும் வேண்டும். கேஸ் அடித்து பத்து நிமிடம் கழித்தும், பாதுகாக்க வேண்டிய உயரத்தில் டிசைன் செறிவின் 85 சதவீதமாவது நிற்க வேண்டும் என்பது விதி. நம் அறையில் அந்த உயரம் பேனல்களின் தலை, 2.2 மீட்டர்.

இதை நிஜமாக கேஸ் அடித்துப் பார்ப்பதில்லை. கதவில் ஃபேன் பொருத்தி அறையை ஊதியும் உறிஞ்சியும் ஓட்டைகளை அளக்கிறோம். முதல் தடவை நம் அறைக்கு வந்த பதில் ஆறு நிமிடம். ஃபேன் ஓடும்போதே ஈரக் கையைப் பள்ளத்துக்குள் விட்டேன், சில்லென்று காற்று. டர்பைன் பக்கம் போகும் கேபிள் குழாய்கள் அடைக்கப்படாமல் கிடந்தன. கனமான கேஸ் முதலில் கசிவது அடியில்தான், அடி ஓட்டைதான் நேரத்தைத் தின்னும். ஃபயர் சீலன்ட் அடித்து, கதவடியில் ரப்பர் போட்டபின் பதினான்கு நிமிடம் வந்தது.

ஒரு எச்சரிக்கை. சீல் செய்வதற்கு முன் இருந்த ஓட்டைகளை நம்பி யாராவது வென்ட் அளவைக் குறைத்திருந்தால், சீல் செய்த நாளில் அந்த அறை ஆபத்தாகிவிட்டது. நான் கசிவைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, வென்ட் தனியாக முழு அளவும் தர வேண்டும்.

ஒப்படைத்த பிறகு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிலிண்டரைப் பாருங்கள். கேஸ் எடையில் 5 சதவீதத்துக்கு மேலோ, வெப்பநிலைக்குத் திருத்திய அழுத்தத்தில் 10 சதவீதத்துக்கு மேலோ குறைந்திருந்தால் ரீஃபில். நம் 108.4 கிலோவில் 5 சதவீதம் ஐந்தரை கிலோ.

அதே நாளில் ஏணி போட்டு வென்ட்டையும் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஆலையில் பறக்கும் நார்த் தூசி எண்ணெயோடு சேர்ந்து கீலில் பசையாகப் பிடிக்கும். போன வருடம் ஒரு வென்ட்டில் மூன்று இதழ்களுக்கு நடுவே குளவி மண்கூடு கட்டியிருந்தது, காய்ந்து கல்லாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் வென்ட் புத்தம் புதிது. விரலால் தள்ளியபோது ஓர் இதழ்கூட அசையவில்லை. திருப்புளியால் சுரண்டி எடுத்து, ஒவ்வொரு இதழையும் உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை தள்ளி, தானாக மூடுகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன். அடுத்த முறை போகும்போது திருப்புளியோடு ஒரு கம்பி பிரஷும் எடுத்துப் போங்கள்.